நள்ளிரவில் முழுநிலா எழுமா?

நெய்தல்வாசி:
வரைவில் நிலா, பூ, வசந்தம் என்று தேய்ந்துபோன படிமங்கள் இருந்தால் சொல்லைத் தேடிப் பிடித்து மாற்றினாலே போதும், எழுத்து புதிதாகிவிடும். அரை மணி நேர வேலை. என் கதையையே காட்டுகிறேன். தேவிபட்டினம் கரை, சித்திரை மாதம், கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள்.
பழையது: "நள்ளிரவில் முழுநிலா எழுந்தது. மல்லிகை மணம் கமழ்ந்தது. அவன் வருவான் என்ற நினைப்பில் அவள் நெஞ்சில் வசந்தம் பூத்தது."
புதியது: "நள்ளிரவில் முழுநிலா கடலிலிருந்து எழுந்தது. மணலில் அடம்பங்கொடி பூத்துச் சிரித்தது. வாடைக்காற்றில் அவள் நெஞ்சு குளிர்ந்தது."
இப்போது யாராவது குறை சொல்லுங்கள் பார்க்கலாம்.

பாம்பன்காரன்:
சொல்கிறேன். முழுநிலா நள்ளிரவில் எழாது. சூரியன் மேற்கே இறங்கும்போதுதான் அது கிழக்கே ஏறும். சித்திரையில் தேவிபட்டினத்தில் நின்றால் மாலை ஆறரை வாக்கில் கடலிலிருந்து கிளம்பிவிடும். நள்ளிரவில் அது தலைக்கு மேல் இருக்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதம். நள்ளிரவில் கடலிலிருந்து எழுவது பௌர்ணமி கழிந்து ஏழெட்டு நாள் ஆன அரை நிலா. "கடலிலிருந்து" என்று சேர்த்ததால் அது புதிதாகிவிடவில்லை, தப்பு இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

அடம்பு காலையில் விரியும், வெயில் ஏறினால் வாடும். ராத்திரியில் எப்படிப் பூத்துச் சிரிக்கும்? வாடை மார்கழிக் காற்று. அதைச் சித்திரைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

இரண்டு தேய்வழக்கை எடுத்துவிட்டு மூன்று தப்பை வைத்திருக்கிறீர்கள். தேய்வழக்காவது யாரையும் ஏமாற்றவில்லை.

நெய்தல்வாசி:
"எழுந்தது" என்றால் உச்சிக்கு வந்தது என்றும் பொருள் கொள்ளலாம். கதையைப் படிக்கச் சொன்னால் பஞ்சாங்கம் பார்க்கிறீர்கள்.

பாம்பன்காரன்:
கடலிலிருந்து உச்சிக்கு எழுந்ததா? சரி.

தேவிபட்டினம் வாத்தியார்:
நிலாவைக் கண்டாலே அடிக்க வருகிறவர்கள் புறநானூற்றைப் புரட்டட்டும். பாரி மகளிர் பாட்டில் நிலா இல்லையா? ஈராயிரம் ஆண்டுக்கு அப்புறமும் அது தேயவில்லையே. படிமம் பழையது என்பதற்காக வெட்டச் சொல்வது அறியாமை. இன்னொன்று, சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம். யாருமே கடலுக்குப் போக மாட்டார்கள். அதைப் பாம்பன்காரர் கவனிக்கவே இல்லை.

பாம்பன்காரன்:
ஐயா, நான் நிலாவை வெட்டச் சொன்னேனா? மேலே போய்ப் பாருங்கள். எழும் நேரம் தப்பு என்றுதான் சொன்னேன்.

பாரி மகளிர் பாட்டை நீங்களே எடுத்தது நல்லது. அங்கே நிலா அலங்காரம் இல்லை. போன மாதம் அதே நிலாவில் அப்பா இருந்தார், குன்று கையில் இருந்தது. இந்த மாதம் அதே நிலாவில் இரண்டும் இல்லை. அந்த நிலாவைக் கையால் மறைத்துவிட்டுப் படித்தால் பாட்டே விழுந்துவிடும். இவர் கதையில் நிலாவை மறைத்துப் படியுங்கள், என்ன குறைகிறது? ஒன்றும் இல்லை. நான் வரைவைத் திருத்தும்போது செய்வது இதுதான். பென்சிலால் வட்டமிட்டு, விரலால் மூடி, மீண்டும் படிப்பேன். வாக்கியம் நொண்டாமல் போனால் அது சும்மா ஒட்டியிருந்தது என்று அர்த்தம். அதே வரியைக் கோயம்புத்தூரில் ஒரு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாலும் அப்படியே நிற்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அது விசைப்படகுக்கு. நாட்டுப்படகு போகும். தேவிபட்டினம் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறீர்களே.

தேவிபட்டினம் வாத்தியார்:
என் ஊர் எது என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். கதையில் நாட்டுப்படகு என்று எங்கே எழுதியிருக்கிறது? சித்திரையில் முழுநிலா என்றால் அது சித்ரா பௌர்ணமி. அன்றைக்கு நவபாஷாணக் கோயில் கரையில் கூட்டம் இருக்காதா, இவள் மட்டும் தனியாக நிற்க?

பாம்பன்காரன்:
உங்கள் ஊர்க் கூட்டம் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும். ஆனால் படகு எது என்று எழுதவில்லை என்பது நல்ல கேள்வி. எழுதியவருக்கே தெரியாது.

கருவாட்டுக்கடை:
என் மகள் கல்யாணம் வைகாசியில். பத்திரிகையில் "வசந்தத்தில் மலரும் இரு உள்ளங்கள்" என்று போட்டேன். அச்சகத்தில் இருந்த வரிதான். அதுவும் தப்பா? பத்திரிகை கொடுத்து முடித்துவிட்டேன், இனி மாற்ற முடியாது.

பாம்பன்காரன்:
அண்ணே, கல்யாணப் பத்திரிகைக்கு ஒன்றும் ஆகாது, நல்லபடியாக நடக்கட்டும். ஆனால் பாருங்கள், வசந்தம் என்று நாம் எழுதுவது கணக்குப்படி சித்திரை, வைகாசி. நம் பக்கம் அந்த இரண்டு மாதமும் எப்படி இருக்கும்? விசைப்படகு கரையேறி நிற்கும். பெயிண்ட் வாசனை, கழற்றிப் போட்ட இஞ்சின், பனையடியில் பதநீர், கால் வைக்க முடியாத மணல். இதில் எதையாவது ஒருவர் பார்த்து எழுதியிருந்தால் வசந்தம் என்ற சொல்லைக்கூட நான் வெட்டாமல் விட்டுவிடுவேன்.

கருவாட்டுக்கடை:
அப்போ தப்பில்லை. நன்றி.

கீழக்கரை வாசகி:
ஆண்கள் எல்லோரும் நிலா எத்தனை மணிக்கு எழும் என்பதிலேயே நிற்கிறீர்கள். அவள் எங்கே நிற்கிறாள், கையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. என் சித்தி கடல்பாசி எடுக்கப் போகிறவர். அவருக்குப் பௌர்ணமியும் அமாவாசையும் வேலை நாள் கணக்கு. அந்த நாட்களை ஒட்டித்தான் வற்றம் அதிகம், பாறை வெளியே தெரியும், இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்புவார். "நிலா அழகாக இருக்கிறது" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "தண்ணி நல்லா வத்தும்" என்பார். நிலாவைப் பார்க்கிற ஆள் யார் என்று முடிவு செய்தால் பாதி தேய்வழக்கு தானாக உதிர்ந்துவிடும் என்பது என் எண்ணம். பாம்பன்காரர் அதைச் சொல்லாமல் கடிகாரம் காட்டுகிறார்.

பாம்பன்காரன்:
அக்கா, அதைத்தான் அடுத்துச் சொல்ல வந்தேன்.

கீழக்கரை வாசகி:
எப்போதும் அடுத்துத்தான் சொல்ல வருவீர்கள். போன மாதம் என் கதையில் தாழம்பூவை வெட்டச் சொன்னபோதும் இப்படித்தான். அது எங்கள் வீட்டுப் பின்புறம் நிஜமாகவே இருக்கிற தாழை.

பாம்பன்காரன்:
இருக்கலாம். கதையில் வாசம் மட்டும்தான் இருந்தது, முள் இல்லை. தாழைப் புதரில் கைவிட்டவர் முதலில் முள்ளைத்தான் எழுதுவார். சரி, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

நெய்தல்வாசிக்கு: நீங்கள் செய்தது தேடி மாற்றுவது. மல்லிகை இருந்த இடத்தில் அடம்பு, வசந்தம் இருந்த இடத்தில் வாடை. கடற்கரைச் சொற்களை ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டு எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். இதுவும் தேய்வழக்குத்தான், உப்பு போட்ட தேய்வழக்கு. முதலில் அந்தப் படிமம் கதையில் என்ன வேலைக்கு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் நிலா இரவு என்பதைச் சொல்கிறது, அவள் தனியாக இருப்பதைச் சொல்கிறது. அந்த வேலையை வேறு எது செய்யும்? அதற்குக் கதை நடக்கிற அதே நேரத்தில், அதே கரையில் ஒருநாள் போய் உட்கார வேண்டும். "போல" என்ற சொல்லே வராமல் கண்டதை மட்டும் எழுதுங்கள். முதலில் வருவதெல்லாம் எங்கேயோ படித்ததாக இருக்கும். பத்தில் எட்டை அடித்துவிடுவீர்கள், ஒன்றிரண்டு மிஞ்சும். மிஞ்சுவதையும் எல்லாம் உள்ளே வைக்கக் கூடாது, ஒரு பத்திக்கு ஒன்று போதும்.

நானே செய்து பார்த்தேன். நாட்டுப்படகு, இரவு வலை. நல்ல நிலா வெளிச்சத்தில் மீன் வலையைப் பார்த்து விலகும், மீன்பாடு குறையும் என்பார்கள். அப்படியென்றால் அவளுக்கு நிலா என்பது வருமானக் கவலை. இப்படி எழுதினேன்:

"விளக்கு வைக்கும் முன்பே நிலா கடலை விட்டு மேலே வந்திருந்தது. 'இன்னைக்கு நல்ல வெளிச்சம்' என்றாள் மாமியார். அவள் பதில் பேசவில்லை. உலைக்கு எடுத்த அரிசியில் ஒரு கைப்பிடியைத் திரும்ப டப்பாவில் போட்டாள்."

பூவும் இல்லை, வசந்தமும் இல்லை. நிலா இருக்கிறது. நேரமும் சரி.

நெய்தல்வாசி:
அப்போ நிலாவை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டீர்கள். நான் வைத்ததும் நிலாதான்.

பாம்பன்காரன்:
நீங்கள் வைத்தது நள்ளிரவில் எழுந்தது.

கீழக்கரை வாசகி:
மாமியார் வசனம் பிடித்தது. ஆனால் அந்தக் கைப்பிடி அரிசி? வறுமை என்றவுடன் அரிசிப் பானைக்குள் கைவிடுவது எத்தனை கதையில் வந்துவிட்டது! மீனவப் பெண் என்றால் உலையும் அரிசியும்தானா? நீங்கள் அவள் அடுக்களையில் போய் உட்கார்ந்தீர்களா, இல்லை பையிலிருந்து எடுத்து ஒட்டினீர்களா? உங்கள் விரலால் மூடிப் படியுங்கள்.

பாம்பன்காரன்:
மூடிப் படித்தேன். பத்தி விழுகிறது. ஆகவே அது நிற்கும்.

கீழக்கரை வாசகி:
விழுகிறது, சரி. அதனால் அது புதிதாகிவிடுமா? பழைய தூணை எடுத்தாலும் வீடு விழும்.

தேவிபட்டினம் வாத்தியார்:
பாடு குறையும் என்பதும் எல்லா வலைக்கும் பொருந்தாது. அடியில் கிடக்கிற நண்டு வலைக்கு வெளிச்சம் என்ன செய்யும்?

பாம்பன்காரன்:
நண்டு வலை என்று நான் எழுதவே இல்லையே ஐயா.

தேவிபட்டினம் வாத்தியார்:
எந்த வலை என்றும் எழுதவில்லை. படகு எது என்று எழுதவில்லை என்று அவரைக் கிண்டல் செய்தீர்கள்.

பாம்பன்காரன்:
"இரவு வலை" என்று பத்திக்கு மேலேயே சொல்லியிருக்கிறேன்.

தேவிபட்டினம் வாத்தியார்:
பத்திக்கு மேலே. பத்திக்குள்ளே இல்லை.

கருவாட்டுக்கடை:
பௌர்ணமி நண்டில் சதை இருக்காது என்று வாங்குகிறவர்கள் பேரம் பேசுவார்கள். அதை யாராவது கதையில் போடுங்களேன்.

நெய்தல்வாசி:
நான் திருத்திவிட்டேன்: "நள்ளிரவில் முழுநிலா மேகத்திலிருந்து எழுந்தது." இப்போது என்ன சொல்வீர்கள்?

பாம்பன்காரன்:
மேகத்திலிருந்து வெளியே வரும். எழுமா?