மாணவர் தலைவர் சட்டை: இது எந்த நீலம்? படம் போட்டிருக்கிறேன்

பாயான் லெப்பாஸ் அம்மா: மகன் ஐந்தாம் ஆண்டில் மாணவர் தலைவர் ஆகியிருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுடைய பழைய நீலச் சட்டையைக் கொடுத்தார். அதே மாதிரி இன்னும் இரண்டு வேண்டும். பள்ளிக் கூட்டுறவுக் கடையில் இவன் அளவு தீர்ந்துவிட்டது. சின்னத்தையும் துணியையும் படம் எடுத்தேன். ஒன்றில் வெளிர் நீலமாகவும் இன்னொன்றில் சாம்பலாகவும் தெரிகிறது. கடையில் எதைக் காட்டுவது?

ஜெலுத்தோங் அப்பா: எல்லாப் பள்ளிக்கும் ஒரே வெளிர் நீலம்தான். எந்தச் சீருடைக் கடையிலும் கேளுங்கள், கிடைக்கும்.

தையல்கார அண்ணன்: வெளிர் நீலம் என்பது சரி. ஆனால் அதிலும் பல சாயல் உண்டு, சகோதரி. படத்தைக் காட்டி வாங்காதீர்கள்; விளக்கு மாறினால் கைப்பேசி நிறத்தையும் மாற்றிவிடும். சட்டையையே எடுத்துப் போங்கள். வெளிப்பக்கம் துவைத்து வெளுத்திருக்கும், அதனால் கீழ் மடிப்பைக் கொஞ்சம் பிரித்து உள்ளே பாருங்கள். அங்கே இருப்பதுதான் அசல் நிறம். புதுத் துணியை அதோடு சேர்த்துக் கடை வாசலில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல் விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலம் வெயிலில் வேறாகிவிடும்.

உங்கள் இரண்டாவது படத்தில் துணியில் சாய்வாகக் கோடு ஓடுகிறது. நெருக்கமாக இன்னொரு படம் போடுங்கள். சாய்வுக் கோடு என்றால் டுவில் நெசவு. சாதா நெசவுத் துணியில் நிறம் பொருந்தினாலும் பக்கத்தில் வைத்தால் வேறு சட்டை என்று தெரியும்.

இன்னொன்று, பெயர்ப்பட்டையில் பிள்ளையின் பெயர் தெரிகிறது. முதலில் அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள்.

செந்தூல் அக்கா: எங்கள் வீட்டிலும் சின்னம் பிரச்சினைதான். இஸ்திரி வைத்து ஒட்டியது, நாலு தடவை துவைத்ததும் ஓரம் உரிந்துவிட்டது. என்ன செய்வது?

தையல்கார அண்ணன்: அது வேறு விஷயம், அக்கா. ஒட்டினாலும் நான்கு ஓரத்தையும் தைத்துவிடுங்கள், நிற்கும்.

பாயான் லெப்பாஸ் அம்மா: படத்தை நீக்கிவிட்டேன், நன்றி அண்ணா. மடிப்பைப் பிரித்தேன். உள்ளே நல்ல வான நீலம், வெளியே சாம்பல் கலந்த மாதிரி! நானோ அந்தச் சாம்பலுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன். சாய்வுக் கோடும் இருக்கிறது.

ஜெலுத்தோங் அப்பா: மடிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. என் மகனுக்கு வாங்கியது பொருந்தியதால் அப்படிச் சொன்னேன்.

தையல்கார அண்ணன்: அப்போ வான நீல டுவில் என்று கேளுங்கள். சின்னத்தையும் சரிபாருங்கள், பள்ளி அதை மாற்றியிருந்தால் சட்டையும் மாறியிருக்கலாம்.

பாயான் லெப்பாஸ் அம்மா: இதில் சின்னத்தின் ஓரம் மஞ்சள் நூல். மகனுக்குப் பள்ளியில் கொடுத்ததில் வெள்ளை! திங்கட்கிழமை ஆசிரியையிடம் கேட்ட பிறகுதான் வாங்குவேன்.