கொரியன் கட்டுரையில் பதினான்கு சிவப்புக் குறிகள்

தேஜான்வாசி

தேஜானில் மொழிப் பயிற்சி வகுப்பில் நான்காம் நிலையில் படிக்கிறேன். டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வின் 54ஆம் வினாவுக்குப் பயிற்சியாக, கட்டம் போட்ட தாளில் 600 முதல் 700 எழுத்துக்குள் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது இலக்கணத்திலும் சொற்களிலும் பெரிய பிழை இல்லை. ஆனால் இடைவெளிக்கு மட்டும் பதினான்கு சிவப்புக் குறிகள். ஒன்பது இடங்களில் இரண்டு சொற்களை இணைக்கும் வளைவு, ஐந்து இடங்களில் பிரிக்கச் சொல்லும் ‘வி’ போன்ற குறி.

“நண்பன் மட்டும் வந்தான்” என்பதற்கு “சிங்கு மான்” என்று எழுதினேன். இணைக்கச் சொல்லி வளைவு. “அண்ணனை விட” என்பதற்கு “ஹியொங் போதா”, “புசான் வரை” என்பதற்கு “புசான் காஜி”, இரண்டிலும் வளைவு. இன்னொரு பக்கம், “போகும்போது” என்ற பொருளில் “கால்த்தே” என்று சேர்த்து எழுதினேன். அதைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். “சாப்பிடுவது” என்ற “மொங்னுன்கொத்” சொல்லுக்கும் அதே கதி.

நான் பிரித்ததைச் சேர்க்கிறார், சேர்த்ததைப் பிரிக்கிறார். கொரிய எழுத்து விதிநூலில் “ஒவ்வொரு சொல்லையும் இடம் விட்டு எழுதுக” என்று இருக்கிறது. அகராதியிலோ மான், போதா, காஜி எல்லாம் தனிப் பதிவுகளாக இருக்கின்றன. அவை தனிச் சொற்கள்தானே? இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நெல்லைக்காரன்

வரியின் கடைசிக் கட்டத்தில் சொல் முடிந்துவிட்டால், இடைவெளிக்காக அடுத்த வரியின் முதல் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது தங்கச்சி. நேராக எழுத்தைத் தொடங்க வேண்டும். முதல் கட்டம் காலியாக இருந்தால் புதிய பத்தி என்று பொருளாகிவிடும். இது தெரியாமல் நான் பல தாள்களைப் பாழாக்கினேன்.

தேஜான்வாசி

நன்றி அண்ணா, ஆனால் என் குறிகள் எல்லாம் வரியின் நடுவில் விழுந்தவை.

மொழிபெயர்ப்பாளர் அக்கா

சியோலில் பன்னிரண்டு ஆண்டுகளாக மொழிபெயர்ப்புதான் என் வேலை. முதல் ஆண்டில் என் தாள்களும் இப்படியேதான் வந்தன. நீ பிழை செய்யாத இடங்களை முதலில் பார். “வீட்டுக்கு” என்ற பொருளில் வரும் “ஜிபே”யை நீ ஒரு தடவைகூடப் பிரித்திருக்க மாட்டாய். தமிழில் ‘கு’ உருபு ஒட்டியே வருவதால், கை தானாகவே ஒட்டி எழுதுகிறது.

மட்டும், விட, வரை மூன்றையும் நாம் பெரும்பாலும் தனியாக எழுதுகிறோம். அதனால் மான், போதா, காஜி என்று வந்ததும் கை இடம் விடுகிறது. போது, அது இரண்டும் தமிழில் வினையோடு ஒட்டிவிடுகின்றன: போகும்போது, சாப்பிடுவது. கொரியனில் அவற்றுக்கு இணையான த்தே, கொத் இரண்டும் பெயர்ச்சொற்கள். கொத் என்பது தனியே நிற்க வலுவில்லாத பெயர், ஆனாலும் பெயர்தான். ஆகவே முன்னால் இடம் வேண்டும்: “கால் த்தே”, “மொங்னுன் கொத்”. உன் தாளில் தமிழின் இடைவெளிகள் அப்படியே இறங்கியிருக்கின்றன.

நீ விதிநூலில் படித்தது 2ஆம் விதி. அதோடு நிறுத்திவிட்டாய். ஜோசா, அதாவது நம் உருபும் இடைச்சொல்லும் போன்றவை, கொரியப் பள்ளி இலக்கணத்தில் சொல் என்றுதான் எண்ணப்படுகின்றன. அதில் நீ சொன்னது சரி. அதனாலேயே 41ஆம் விதி தனியாக வந்து, ஜோசாவை முன்சொல்லோடு ஒட்டி எழுதச் சொல்கிறது. எத்தனை ஜோசா அடுக்கி வந்தாலும் இடமே கிடையாது. “வீட்டிலிருந்தே” என்று சொல்ல “ஜிபெசொபுதோ” என்று ஒரே மூச்சில் எழுத வேண்டும்.

அன்சான் தம்பி

நான் இலங்கையிலிருந்து வந்து அன்சானில் தொழிற்சாலை வேலை செய்கிறேன். எங்களுக்கான தேர்வில் வாசிப்பும் கேட்டலும்தான். கட்டுரை எழுத வேண்டியிருக்கவில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் எழுத்து வந்து சேர்ந்தது. பெட்டிகள் ஐந்துதான் மிச்சம் என்று மேற்பார்வையாளருக்குக் குறிப்பு எழுதும்போது “பாக்கே”யைத் தனியாக எழுதினேன். என்னோடு வேலை செய்யும் கொரியத் தோழர் திருத்தினார். ஒட்டினால் “ஐந்தைத் தவிர இல்லை”, பிரித்தால் “வெளியே” என்றார். ஆனால் மேற்பார்வையாளர் எழுதும் குறிப்புகளில் அவரும் பிரித்துத்தான் எழுதுகிறார்! அவர்களே இப்படி எழுதும்போது நமக்கு ஏன் இந்தக் கண்டிப்பு?

கற்கும் கார்த்தி

எனக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, இதுவரை கைவிட்டதில்லை. முன்னால் பெயர் வந்தால் ஒட்டு, வினை வந்தால் பிரி. மான்கும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். “என் அளவுக்கு” என்றால் “நாமான்கும்”, ஒட்ட வேண்டும். “சாப்பிடும் அளவுக்கு” என்றால் “மொகுல் மான்கும்”, பிரிக்க வேண்டும். தேரோ, புன் இரண்டுக்கும் இதேதான். முடிந்தது கதை.

மொழிபெயர்ப்பாளர் அக்கா

தம்பி கார்த்தி, நீங்கள் சொன்ன மூன்றுக்கும் அது சரி. அதற்கு வெளியே போனால் காலை வாரிவிடும். அன்சான் தம்பி சொன்ன பாக்கேயையே பாருங்கள். “வீட்டுக்கு வெளியே” என்பது “ஜிப் பாக்கே”. முன்னால் வருவது பெயர்தான், ஆனால் ஒட்டக்கூடாது.

இன்னும் வழுக்கலான இடம் மான். “மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்தேன்” என்பதில் “3ன்யொன் மானே” என்று வரும். இந்த மான், கழிந்த காலத்தைக் குறிக்கும் பெயர். முன்னால் பெயர் இருந்தாலும் இடம் வேண்டும். கொரியர்களே பரவலாக ஒட்டி எழுதும் இடம் இது. நான் செய்யும் சோதனை, மானை எடுத்துவிட்டுப் படிப்பது. “நண்பன் மட்டும் வந்தான்” என்பதில் எடுத்தால் “நண்பன் வந்தான்” என்று வாக்கியம் நிற்கிறது. அது ஜோசா, ஒட்டு. “3ன்யொன் மானே”யில் எடுத்தால் வாக்கியம் உடைந்துவிடுகிறது. அது பெயர், பிரி.

வினை முன்னால் வந்தாலும் எப்போதும் பிரிப்பதில்லை. “வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன” என்பதில் “ஓன் ஜி” என்று ஜிக்கு இடம் விட வேண்டும், அங்கே அது காலம். “போவேனா தெரியவில்லை” என்பதில் “கால்ஜி”, அது வினையின் விகுதி, ஒட்டியே நிற்கும். மாதக்கணக்கோ ஆண்டுக்கணக்கோ கூடவே இருக்கிறதா என்று பார்த்தால் ஜி பிடிபட்டுவிடும்.

அன்சான் தம்பிக்கு: உங்கள் மேற்பார்வையாளரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. செய்தித்தாள்களில் இடம் விட்டு எழுதும் வழக்கமே 1896இல் தொங்னிப் சின்முன் என்ற இதழோடுதான் தொடங்கியது. இப்போதைய விதிகள் 1988இல் அறிவிக்கப்பட்டு 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலைக் குறிப்பில் பொருள் புரிந்தால் போதும். தேர்வுத் தாளைத் திருத்துகிறவர் விதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

நெல்லைக்காரன்

அப்படியானால் மதிப்பெண் எவ்வளவு குறையும்? அதையும் யாராவது சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் அக்கா

ஒரு பிழைக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்ல என்னால் முடியாது அண்ணா. கட்டத்தாளில் இடைவெளியும் ஒரு கட்டத்தைப் பிடிக்கிறது என்பது மட்டும் நிச்சயம். ஒட்ட வேண்டியதை ஒன்பது இடங்களில் பிரித்தால் ஒன்பது கட்டங்கள் வீணாகின்றன.

தேஜான்வாசி

அக்கா, நேற்று இரவு உட்கார்ந்து தாளை மறுபடி எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் பென்சிலால் தமிழில் எழுதிவைத்து, தமிழ் எங்கே இடம் விடுகிறது, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தேன். பதினான்கில் பதினொன்று நீங்கள் சொன்ன வகைதான். மற்ற இரண்டு வெறும் கவனக்குறைவு.

மீதி ஒன்றுதான் புரியவில்லை. “சாப்பிட்டுப் பார்” என்பதை “மொகொபோதா” என்று சேர்த்து எழுதினேன். ஆசிரியர் பிரிக்கச் சொன்னார். விதிநூலில் 47ஆம் விதியைப் பார்த்தேன். துணைவினையைப் பிரிப்பதே முறை, சில இடங்களில் சேர்க்கவும் இடமுண்டு என்று இருக்கிறது. அவரிடம் காட்டினேன். “அனுமதி இருக்கிறது, ஆனாலும் என் வகுப்பில் பிரித்தே எழுது” என்றார்.

கற்கும் கார்த்தி

என் வகுப்பு ஆசிரியர் அதையே சேர்த்து எழுதுகிறார்.

தேஜான்வாசி

அப்படியா? இந்தப் பருவம் முடியும் வரை நான் பிரித்தே எழுதுகிறேன்.