மூன்றும் −16தான், போனில் மட்டும் தேவாரம் ஏன் அமுங்குகிறது?

பம்பலப்பிட்டி: கோயிலுக்காக 20 நிமிட ஒலிப்பதிவு செய்தேன். அக்காவின் அறிமுகப் பேச்சு, ஐயா ஒருவர் சுருதிப்பெட்டியோடு ஓதிய தேவாரம், கடைசியில் நாதஸ்வரமும் தவிலும். மூன்றின் சத்த அளவையும் −16 எல்யுஎஃப்எஸ்ஸுக்குக் கொண்டுவந்தேன். இயர்போனில் தேவாரம் நன்றாக இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் அமுங்குகிறது. நாதஸ்வரம் இரண்டிலும் அடிக்கிறது. எங்கே பிழை?

தெஹிவளை: −16 சரியான அளவுதான் தம்பி. கம்ப்ரஸரை இன்னும் இறுக்குங்கள், எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

கொட்டாஞ்சேனை: இறுக்கினால் ஐயாவின் மூச்சும் சுருதிப்பெட்டியும் மேலே வரும், கார்வை தட்டையாகிவிடும். பிழை வேறு இடத்தில் இருக்கிறது. ஆண் குரலின் அடியும் சுருதியும் 100, 200 ஹெர்ட்ஸில் நிறையச் சக்தி வைத்திருக்கின்றன. மீட்டர் அதைக் கிட்டத்தட்ட முழுதாகக் கணக்கில் எடுக்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கர் அதை வெளியே விடுவதே இல்லை. 350 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, போனில் கேட்பதுபோல ஒருமுறை அளந்து பாருங்கள்:

```
ffmpeg -i thevaram.wav -af "aformat=channel_layouts=mono,highpass=f=350,ebur128" -f null -
```

பேச்சுக்கும் இதையே ஓட்டி, கடைசியில் வரும் I எண்களை, அதாவது மொத்தச் சத்த அளவை, ஒப்பிடுங்கள்.

வெள்ளவத்தை: எனக்கும் இதே பிரச்சினை! என் பிரசங்கப் பதிவு இயர்போனில் இடது காதில் மட்டும் கேட்கிறது.

கொட்டாஞ்சேனை: அது வேறு, அக்கா. ஸ்டீரியோ கோப்பில் ஒரு பக்கம் மட்டும் பதிவாகியிருக்கும். மோனோவாக மாற்றினால் இரண்டு காதிலும் வரும். மோனோ கோப்பு −19 காட்டினாலே, ஸ்டீரியோவின் −16 அளவுக்குக் கேட்கும்.

பம்பலப்பிட்டி: ஓட்டினேன் அண்ணா. பேச்சு −21, தேவாரம் −25. நான்கு வித்தியாசம்!

கொட்டாஞ்சேனை: அந்த நான்கைத்தான் உங்கள் காது அமுக்கம் என்றது. வால்யூமைத் தூக்காதீர்கள், இயர்போனில் அடிக்கும். சுருதிப்பெட்டி தனி ட்ராக்கில் இருந்தால் அதை 3 டெசிபெல் இறக்குங்கள். ஐயாவின் குரலில் 200 பக்கம் கொஞ்சம் வெட்டி, 2000 பக்கம் 2 டெசிபெல் ஏற்றுங்கள். பிறகு மறுபடி −16க்குக் கொண்டுவந்து அளந்தால் இடைவெளி குறைந்திருக்கும். ஒன்றரைக்குள் வந்தால் போதும், அதற்கு மேல் துரத்தினால் குரல் மூக்கால் வரும். நாதஸ்வரத்தைப் பேச்சைவிட 3 கீழே, −19இல் வையுங்கள்.

தெஹிவளை: இதை ஏற்கமாட்டேன். மங்கள வாத்தியம் பேச்சைவிட அடங்கி ஒலிப்பதா? காலி வீதி பஸ்ஸில் கேட்பவருக்கு தவில் இருக்கிற இடமே தெரியாது.

கொட்டாஞ்சேனை: பஸ்ஸில் அவர் வால்யூமைப் பேச்சு புரியும்வரை ஏற்றியிருப்பார். அந்த நிலையில் நாதஸ்வரம் நேரே காதுக்குள் வரும். அதன் சக்தி காது கூசும் இடத்திலேயே குவிந்திருக்கிறது, மீட்டர் எண் அந்தக் கூச்சத்தை முழுதாகச் சொல்லாது.

தெஹிவளை: அப்போ 1 குறையுங்கள். 3 அதிகம்.

பம்பலப்பிட்டி: சுருதியை இறக்கிப் பார்த்தேன், இடைவெளி இரண்டாகிவிட்டது. போனை மேசையில் வைத்தே சொல் விளங்குகிறது. நாதஸ்வரத்தை இப்போதைக்கு −18இல் வைத்திருக்கிறேன். அம்மாவின் போனில் போட்டுவிட்டுச் சொல்கிறேன்.