80 சதவீதம்னு எழுதி வச்சு ஏழு பிரியாணி தோத்த கதை

மஞ்சச்சட்டை:
ஆபீஸ்ல எங்க பந்தயம் காசு இல்லை, பிரியாணிதான். 2024 மே 18, பெங்களூரு ஆட்டம். அவங்க முதல்ல பேட் பண்ணா 18 ரன் வித்தியாசத்துலயாவது ஜெயிக்கணும், இல்லன்னா சென்னைதான் பிளே-ஆஃப். முந்தின நாளே டைரியில "சென்னை உள்ளே போக 80%"னு போட்டு காரணமும் எழுதினேன்: தோனி இருக்கார், மார்ச்ல சேப்பாக்கத்துல இவங்களை அடிச்சோம், ருதுராஜ் ஃபார்ம், ஜடேஜா. எதிர்ப்பக்கம் ஒரே வார்த்தை: கோலி.

உள்ளே போக கடைசி ஓவர்ல 17 வேணும். யஷ் தயாள் போட்ட முதல் பந்தை தோனி சிக்ஸர் அடிச்சார், அடுத்த பந்துல அவுட். 191-ல நின்னுடுச்சு.

மறுநாள் அந்தப் பக்கத்தைப் படிச்சா வெட்கமா இருந்தது. பெங்களூரு தொடர்ந்து அஞ்சு ஆட்டம் ஜெயிச்சு வந்ததைக் காணோம். பத்திரனாவும் முஸ்தாபிசுரும் ஊருக்குப் போயிட்டாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும், அதையும் காணோம்.

ஸ்கோர்நோட்டு:
நீங்க மறைக்கல. நம்ம டீம்ல பதினோரு பேர் கதையும் நமக்கு அத்துப்படி, எதிர் டீம்ல ரெண்டு பேரைத் தெரியும். காரணம் நம்ம பக்கம்தான் குவியும். நான் எதிரணிப் பக்கத்தைத்தான் முதல்ல எழுதுவேன். அது நம்ம பக்கம் அளவுக்கு நிறையாம சதவீதம் போடமாட்டேன். அஞ்சு கோப்பை வாங்கின சென்னையே மொத்த ஆட்டத்துல 60% ஜெயிச்சதில்லை, அதனால எண்ணை அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். உங்களுது தோத்தாலும் போகலாம்ங்கிற கணக்கு, கொஞ்சம் கூடப் போடலாம். 80 தாங்காது.

அண்ணாநகர் ராசா:
எந்த ஆப்ல கட்டுறீங்க ப்ரோ?

மஞ்சச்சட்டை:
பிரியாணிப்பா. மேலேயே இருக்கு.

கடுப்பு கணேசன்:
இவ்வளவு எழுத்து எதுக்கு? நான் எப்பவும் சென்னைக்கு எதிராத்தான் கட்டுவேன். தோத்தா பிரியாணி, ஜெயிச்சா சந்தோஷம்.

ஸ்கோர்நோட்டு:
மனசுக்கு நல்ல மருந்து, ஒத்துக்கறேன். ஆனா சென்னைக்கு எத்தனை சதவீதம்னு கேட்டா உங்ககிட்ட பதில் இருக்காதே.

சேப்பாக்கம் வாசி:
எங்கப்பாவும் எழுதினார். 2025 மார்ச் 28-க்கு "2008-க்கு அப்புறம் பெங்களூரு இங்க ஜெயிச்சதே இல்லை"ன்னு ஒரே காரணம், கீழே ரெண்டு கோடு. 50 ரன்ல தோத்தோம். அந்த வருஷங்கள்ல ஆடினவங்க எத்தனை பேர் அன்னைக்குக் களத்துல இருந்தாங்கன்னு கேட்டேன். சாப்பிடாம எழுந்து போயிட்டார்.

மஞ்சச்சட்டை:
2025-ல எதிரணியை முதல்ல எழுதி 14 ஆட்டத்துக்கும் போட்டேன். 9 ஆட்டத்துக்கு 60-க்கு மேல. சீசன் முழுக்க ஜெயிச்சதே 4. இன்னும் எனக்குப் பாசம் கண்ணை மறைக்குதா, இல்ல டீமே அவ்வளவுதானா?

ஸ்கோர்நோட்டு:
அந்த சீசனை வச்சு மட்டும் சொல்ல முடியாது. கடைசி இடத்துக்குப் போகும்னு வெளியாளும் எதிர்பார்த்திருக்க மாட்டார். சென்னை ரசிகர் இல்லாத ஒருத்தரை அதே காலையில உங்க எண்ணைப் பார்க்காம எழுதச் சொல்லுங்க. ரெண்டு பேரும் தப்புன்னா டீம். நீங்க மட்டும் தப்புன்னா நீங்க.

மஞ்சச்சட்டை:
பக்கத்து சீட்ல இருக்கிறது பெங்களூரு ரசிகர்.

ஸ்கோர்நோட்டு:
பெங்களூரு ஆட்டத்துக்கு மட்டும் அவரை விட்டுடுங்க.