அகல மூக்குக்கு எட்டுக்கல்லா, ஒத்தைக்கல்லா?

கயல்_மதுரை: எனக்கு மூக்குத்தண்டும் அகலம், மூக்கும் பரந்த மூக்கு. இடது பக்கம் மூக்குத்தி குத்தி அஞ்சு வருஷம் ஆச்சு. கடையில எட்டுக்கல் பேசரி எடுக்கச் சொல்றாங்க. எங்க அக்கா "மூக்கு இன்னும் பெருசாத் தெரியும், ஒத்தைக்கல் போதும்"ங்கிறா. எதை எடுக்க?

செல்வி: அக்கா பேச்சைக் கேளுங்க. பெருசாப் போட்டா பாக்கிறவங்க கண்ணு நேரா மூக்குக்குத்தான் போகும். 2 மி.மீ. ஒத்தைக்கல் எல்லா மூக்குக்கும் பொருந்தும்.

ராஜலட்சுமி: எல்லா மூக்குக்குமா? பரந்த மூக்குல 2 மி.மீ. கல்லு, நாலடி தள்ளி நின்னா மச்சம் மாதிரி இருக்கும். எங்க அம்மாச்சிக்கு நல்ல அகல மூக்கு, கடைசி வரைக்கும் பேசரிதான். அந்த முகத்துக்கு அதுதான் நிறைவா இருந்துச்சு. அகல மூக்குக்குப் பெருசு, சின்ன மூக்குக்குச் சிறுசு, அவ்வளவுதான் கணக்கு.

கல்பனா_ஈரோடு: இடது பக்கம் குத்தினதே சரிதான்மா, பொண்ணுங்களுக்கு அதான் நல்லது.

கயல்_மதுரை: பக்கத்தைப் பத்திக் கேக்கலக்கா, அளவைப் பத்தி :)

பட்டறைக்காரர்: முப்பது வருஷமா மூக்குத்தி கட்டறேன். மூக்குத்தண்டு அகலத்தை வெச்சு நான் அளவு சொல்றதில்லை. மூக்குத்தி உக்கார்றது மூக்கு மடல் மேல. தண்டு அகலமா இருந்தும் மடல் சின்னதா உள்ளவங்க நிறைய. அதனால முதல்ல ஸ்கேல் வெச்சு, துளையிலிருந்து மடல் மடிப்பு எத்தனை மி.மீ., கீழ் விளிம்பு எத்தனை மி.மீ.னு பாருங்கம்மா. மூக்குத்தியோட பாதி அகலம் இந்த ரெண்டுல சின்ன அளவுக்குள்ள அடங்கணும். அடங்கலைன்னா ஓரம் மடிப்புல முட்டி ஒரு பக்கம் தூக்கிக்கும். திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் நேரா உக்காராது.

இன்னொண்ணு. பரந்த மூக்குல மடல் முன்பக்கமாத் திரும்பியிருக்கும், எதிர்ல நிக்கிறவங்களுக்கு மூக்குத்தி முழு வட்டமாத் தெரியும். ஒடுங்கின மூக்குல மடல் பக்கவாட்டைப் பாக்கும். அங்க எதிர்ல தெரியறது அகலம் இல்ல, கல் எவ்வளவு எழும்பி நிக்குதுங்கிறதுதான்.

நித்யா_கோவை: ஐயா சொல்றது என் கதை! எனக்குச் சின்ன மூக்கு. 3 மி.மீ. கல்லுதான், ஆனா உயரமாத் தூக்கிக் கட்டினது. நேராப் பாத்தா மூக்கு ஓரத்துல பரு மாதிரி துருத்திட்டு நின்னுச்சு. உள்ள திருகாணி நடுச்சுவர்ல உரசி, காலையில எந்திரிச்சா பொருக்குத் தட்டியிருக்கும். கடையில "பழகிடும்"னாங்க, பழகல. அப்புறம் அதே 3 மி.மீ. கல்லை, சுத்தித் தங்க விளிம்பு வெச்சுத் தாழ்வாக் கட்டி, மூக்குத்தித் தண்டையும் குட்டையாக்கி வாங்கினேன். இப்ப போட்டிருக்கிறதே தெரியல.

செல்வி: அப்ப சின்ன மூக்குக்கும் 2 மி.மீ. கட்டாயம் இல்லையா?

பட்டறைக்காரர்: இல்லைம்மா. உள்ள இடம் கம்மி, அதனால மூக்குத்தித் தண்டு நீளமும் திருகாணி தடிமனும்தான் முதல்ல பாக்கணும். கல் அளவு அப்புறம்.

கயல்_மதுரை: அளந்துட்டேன். மடிப்புக்கு 4 மி.மீ., கீழ் விளிம்புக்கு 7. கடையில காட்டின பேசரி 9 மி.மீ.

பட்டறைக்காரர்: பாதி நாலரை. உங்களுக்கு இருக்கிறது நாலு. முட்டும். அகல மூக்குக்கு எட்டுக்கல் ஆகாதுன்னு இல்ல, உங்க துளை மடிப்போட ஒட்டி இருக்கு. பொடிக்கல் வெச்சு 6, 6½ மி.மீ.ல எட்டுக்கல் கட்டலாம், சுத்திக் கொஞ்சம் தோல் தெரியும்.

ராஜலட்சுமி: நான் சொன்னதும் எட்டுக்கல்தானே!

செல்வி: உட்கார்றது சரி. ஆனா மூக்கு பெருசாத் தெரியுமா தெரியாதாங்கிறதுக்கு யாருமே பதில் சொல்லல. நானே செல்ஃபி எடுத்துப் பாத்துட்டுத்தான் பேசரியை விட்டேன்.

நித்யா_கோவை: செல்ஃபியை நம்பாதீங்க. ஒரு அடி தூரத்துல எடுத்தா மூக்கோட அடிப்பகுதி, அஞ்சடியில எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு 2018-ல அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டு எழுதியிருந்தாங்க. வேற யாரையாவது தள்ளி நின்னு எடுக்கச் சொல்லுங்க.

கயல்_மதுரை: ஸ்டிக்கர் பொட்டு பாக்கெட் வாங்கி 3 மி.மீ. ஒண்ணு, 6 மி.மீ. ஒண்ணு துளை மேல ஒட்டி, அஞ்சடி தள்ளி அக்காவையே எடுக்கச் சொன்னேன். அவளுக்குப் பிடிச்சது 3, எனக்கு 6. வீட்டுக்காரர் ரெண்டும் ஒண்ணுதான்ங்கிறார்.

பட்டறைக்காரர்: பொட்டு தட்டை, அதுல உயரம் தெரியாதும்மா. 6-ஐ எடுக்கறதா இருந்தா, கடையில போட்டுப் பாக்கும்போது பக்கவாட்டுலயும் ஒரு படம் எடுத்துப் பாருங்க.