மங்குஸ்தான், ரம்புட்டான், லிச்சி: போட்டோவை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்மாபேட்டை அக்கா: வாட்ஸ்அப்பில் பழம் விற்கிற ஒருவரிடம் மங்குஸ்தான் ஒரு கிலோ வாங்கினேன். போட்டோவில் எல்லாம் கருஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததில் பாதி கல். அழுத்தினால் அசையவில்லை, கத்தி வைத்துத் திறந்தால் உள்ளே சுளை பழுப்பாகிக் கிடக்கிறது. அந்த போட்டோவை இங்கே போடுகிறேன். இதில் எதைப் பார்த்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும்?

ஐந்து ரோடு தம்பி: நிறம்தான் அக்கா. கருத்துப் போனால் பழசு, நல்ல சிவப்பாக இருந்தால் புதுசு. நான் லிச்சி, ரம்புட்டான் எல்லாம் அப்படித்தான் எடுக்கிறேன்.

மண்டிக்காரர்: தம்பி சொல்வது லிச்சிக்கு ஓரளவு சரி, மங்குஸ்தானுக்குச் சரிவராது. அது பறித்த பிறகும் நிறம் மாறுகிற பழம். இளஞ்சிவப்பில் பறித்தாலும் சில நாளில் கருஞ்சிவப்பாகிவிடும், சாப்பிடுகிற பதமும் அதுதான். அதனால் அந்த நிறம் பழுத்திருக்கிறது என்று சொல்லும், எத்தனை நாள் ஆனது என்று சொல்லாது.

நாளைக் காட்டுவது காம்பும் அதை ஒட்டித் தொப்பி மாதிரி இருக்கிற நாலு இதழும். புதுப் பழத்தில் அவை பச்சையாக, தடிப்பாக இருக்கும். நாளாக நாளாக ஓரத்தில் பழுப்பேறும், அப்புறம் சுருங்கி மேலே சுருண்டுகொள்ளும்.

அக்கா, உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் மட்டும்தான் காம்பு தெரிகிறது, அதிலேயே இதழ் ஓரமெல்லாம் காய்ந்திருக்கிறது. பின்வரிசை முழுக்கக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் ஓரத்தில் இருக்கிற பழத்தைப் பாருங்கள், விலாவில் மங்கலாக, கொஞ்சம் தட்டையாக ஒரு வட்டம் தெரிகிறதா? கீழே விழுந்தோ நசுங்கியோ அடிபட்ட பழம் அது. அடிபட்ட இடத்தில் ஓடு இறுகிக் கல்லாகிவிடும், அதற்கு நேர் உள்ளே இருக்கிற சுளைதான் முதலில் கெடும். பளபளப்பை நம்பாதீர்கள், பழத்துக்கு நடுவே தண்ணீர்த் துளி தெரிகிறது.

நாகலூர் தோட்டம்: எங்கள் வீட்டு லிச்சி மரத்தில் காய் மரத்திலேயே வெடிக்கிறது. காம்பு பச்சையாகத்தான் இருக்கிறது. அதுவும் பழசா?

மண்டிக்காரர்: அது வேறு விஷயங்க. மண் காய்ந்து கிடந்து திடீரென்று மழை பிடித்தால் உள்ளே சதை வேகமாக ஊதும், தோல் ஈடுகொடுக்காமல் பிளக்கும். காய் பிடித்ததிலிருந்து விடாமல் தண்ணீர் கொடுங்கள், குறையும். ஆனால் விற்பனைக்கு வருகிற போட்டோவில் வெடிப்பு இருந்தால், காரணம் எதுவானாலும் நான் எடுக்க மாட்டேன். விளிம்பில் சாறு மினுமினுத்தால் புளிக்க ஆரம்பித்திருக்கும்.

அஸ்தம்பட்டி டீச்சர்: ரம்புட்டானில் முடி கருத்திருந்தால் என் வீட்டுக்காரர் அப்படியே கொட்டிவிடுகிறார். எனக்கு மனசே ஆறவில்லை. உரித்துப் பார்த்தால் சுளை நன்றாகத்தானே இருக்கிறது?

மண்டிக்காரர்: கொட்ட வேண்டாம் டீச்சர். ஈரம் முதலில் போவது முடி வழியாகத்தான், அதனால் நுனி சீக்கிரம் கருக்கும். நுனி மட்டும் கருத்து, முடிக்கு நடுவே தோல் இன்னும் சிவப்பாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். கருப்பு முடியின் அடிவரைக்கும் இறங்கித் தோலும் கருத்திருந்தால் விட்டுவிடுங்கள். தம்பிக்கும் ஒன்று, ரம்புட்டானில் மஞ்சள் ரகமும் இருக்கிறது, அங்கே சிவப்புக் கணக்கு உதவாது.

ஐந்து ரோடு தம்பி: லிச்சியாவது நிறத்தை வைத்துச் சொல்லலாமா அண்ணா?

மண்டிக்காரர்: சொல்லலாம், ஆனால் ஓடு பழுப்பானால் உள்ளே கெட்டது என்று அர்த்தமில்லை. வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளிலேயே லிச்சி பழுப்பாகிவிடும், சுளை அதற்கப்புறமும் கொஞ்ச நாள் தாங்கும். மே, ஜூனில் பீகாரிலிருந்து சேலம் வரைக்கும் வந்த லிச்சியில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாமல் எல்லாம் ஒரே வெளிர் நிறத்தில் இருந்தால்தான் நான் யோசிப்பேன், கந்தகப் புகை காட்டியிருக்கலாம். காம்பு பிடுங்கின இடத்தையும் பாருங்கள், அங்கே ஈரமாக வட்டம் கட்டியிருந்தால் வேண்டாம்.

குகை மளிகை: மங்குஸ்தான் சுளை சில சமயம் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அதற்குப் போட்டோவில் ஏதாவது அடையாளம் உண்டா? காம்பு பச்சையாக இருந்த பழத்திலும் எனக்கு வந்தது. ஓட்டில் மஞ்சள் பால் காய்ந்திருந்தால் உள்ளேயும் அப்படித்தான் என்கிறார்கள்.

மண்டிக்காரர்: வெளியே பால் ஒட்டியிருந்தும் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்த பழம் நிறையப் பார்த்திருக்கிறேன், அதை வைத்து நான் கழிப்பதில்லை. கண்ணாடிச் சுளை மழைக்காலத்தில் பறித்ததில் அதிகம், கையில் இருந்தால் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம், மூழ்குகிறதில் அது அதிகமாக இருக்கும். போட்டோவில் எனக்கு வழி தெரியவில்லை.

குகை மளிகை: எனக்கு வந்த பழத்தில் பால் ஒட்டியிருந்ததெல்லாம் உள்ளே கசந்ததுங்க. நான் எடுக்க மாட்டேன்.

அம்மாபேட்டை அக்கா: அதே ஆளிடம் இன்று கேட்டேன்: எல்லாப் பழமும் காம்பு மேலே பார்க்க வைத்து, துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ, ஒன்றை வெட்டி ஒரு போட்டோ. வெட்டினதை மட்டும் அனுப்பியிருக்கிறார். இன்னொன்று வந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டேன்.