"சார் என்ன பண்றார்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

போன ஐப்பசியில் என் கணவர் மாரடைப்பில் தவறிவிட்டார். பள்ளி திறக்கும் முன் மடிப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக்குக் குடிவந்தோம், நானும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும். லிஃப்டில், ஸ்கூல் வேன் நிற்கும் இடத்தில், புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "சார் எங்கே வேலை?" தப்பாகக் கேட்கவில்லை, நம் ஊரில் பேச்சே அப்படித்தானே ஆரம்பிக்கும்.

"வெளியூரில் இருக்கார்" என்று சொல்லிப் பார்த்தேன். எந்த ஊர், தீபாவளிக்கு வருவாரா என்று அடுத்தடுத்துக் கேள்வி, பக்கத்தில் நிற்கும் மகள் என் முகத்தையே பார்த்தாள், அதோடு அதை விட்டுவிட்டேன். "தவறிட்டார்" என்று நேராகச் சொன்னால் கேட்டவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு எப்படி, என்ன வயசு என்று ஆரம்பிக்கிறார், கடைசியில் நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருக்கிறது. பேச்சை மாற்றினால் விவாகரத்து என்று வாட்ச்மேன் வரை பேச்சு (அது வேற கதை). எங்கள் அம்மாவோ ஒன்றும் சொல்லாதே என்கிறார், ஆனால் தினமும் பார்க்கிறவர்களிடம் அது எத்தனை நாளைக்கு?

பொய்யும் இல்லாமல், மேற்கொண்டு கேள்விக்கும் இடம் கொடுக்காமல், குழந்தை முன்னால் சொல்லக்கூடியதாக நீங்கள் சொல்லிப் பழகிய ஒரு வரி என்ன?